ஆமையும் பெறாமகளும்: லூப் படித்த ஒன்றரை வருடம்

பெறாமகளுக்கு ஒன்பது வயதில் பைதன் டர்ட்டில், அதாவது நிரல் எழுதித் திரையில் ஒரு ஆமையை நகர்த்திப் படம் கீறுவது, தொடங்கினேன், இப்போது பத்தரை. சனிக்கிழமை பின்னேரங்களில்தான் உட்காருவோம். பைதனோடு கூடவே வருவதால் ஒருமுறை நிறுவிய பிறகு இணையம் வேண்டியதில்லை. வன்னியில் எங்கள் பக்கம் சிக்னல் போய் வரும் ஊர் என்பதால் இதைத் தெரிவு செய்ததற்கு அது பெரிய காரணம். உபுண்டு வைத்திருப்பவர்கள் மட்டும் `sudo apt install python3-tk` தனியாகப் போட வேண்டிவரலாம். இன்னொன்று, கோப்புக்கு `turtle.py` என்று பெயர் வைக்காதீர்கள். பைதன் உண்மையான டர்ட்டிலை விட்டுவிட்டு உங்கள் கோப்பையே எடுத்துக்கொள்ளும். எங்களுக்கு ஒரு பின்னேரம் முழுக்க அதிலேயே போனது.

முதல் நாள் அடித்தது ஐந்து முனை நட்சத்திரம் கீறும் இந்த நிரல்:

```python
import turtle
t = turtle.Turtle()
t.speed(1)
for i in range(5):
    t.forward(200)
    t.right(144)
turtle.done()
```

`speed(1)` தான் ஆகக் குறைந்த வேகம், அதை மாற்றாதீர்கள். `speed(0)` போட்டால் படம் சட்டென்று வந்துவிடும், ஆனால் ஆமை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதைப் பிள்ளை பார்க்க முடியாது, பார்க்காவிட்டால் லூப் எங்கே விளங்கப்போகிறது?

லூப் அவளுக்கு உண்மையில் விளங்கியது ஒரு பிழையில். கடைசி `t.right(144)` வரியை இடப்பக்கம் ஒட்டி, `for` க்கு நேர்கீழே அடித்துவிட்டாள். பைதன் எந்தப் பிழைச்செய்தியும் காட்டவில்லை, ஆமை மட்டும் நேராகப் போய்க்கொண்டே இருந்து திரையை விட்டு வெளியே போனது. "சித்தி, ஆமை ஏன் திரும்பேல்ல?" என்றாள். நான் பதில் சொல்லாமல் இரண்டு வரிகளுக்கும் முன்னால் உள்ள இடைவெளியை விரலால் தொட்டுக் காட்டினேன். உள்ளே இருந்தது ஐந்து தரம் நடந்தது, அதாவது 200 ஐந்து முறை, மொத்தம் 1000. வெளியே இருந்தது எல்லாம் முடிந்த பிறகு ஒரே தரம். நான்கு இடைவெளி போட்டு மறுபடி ஓட்டினாள், நட்சத்திரம் வந்தது. அப்புறம் அவளே வரிகளை உள்ளே வெளியே தள்ளிப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

144 எங்கிருந்து வந்தது என்பதுதான் அடுத்த சிக்கல். நட்சத்திரத்தின் முனை 36 பாகை என்று சொன்னதும் `right(36)` போட்டாள், பத்துப்பக்க உருவத்தின் பாதிதான் வந்தது. முற்றத்து மணலில் தடியால் பெரிய நட்சத்திரம் கீறி, கையை முன்னுக்கு நீட்டியபடி அவளைக் கோட்டில் நடக்கச் சொன்னேன். முனைக்கு வந்ததும் அடுத்த கோட்டில் போக அவள் கிட்டத்தட்ட வந்த பக்கமே திரும்ப வேண்டியிருந்தது, அந்தத் திரும்பல்தான் 180 இலிருந்து 36 கழித்த 144. நடந்து முடிப்பதற்குள் அவள் கை கிணற்றுப் பக்கத்தை எத்தனை தரம் கடந்தது என்று எண்ணச் சொன்னேன். இரண்டு தரம். அதாவது 720 பாகை, அதை ஐந்தால் பிரித்தால் 144. பிள்ளைகள் கோணத்தை உருவத்தின் உள்ளே பார்ப்பார்கள், ஆமைக்கோ தான் எவ்வளவு திரும்பியது என்பது மட்டும்தான் தெரியும். இதைத் திரைக்கு முன்னால் இருந்து சொன்னபோது ஏறவில்லை, நடந்தபோது ஏறியது.

சுருள் நாலைந்து மாதம் கழித்துத்தான். அதற்கு முன் தொடங்கியிருந்தால் குழம்பியிருப்பாள் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அதுவரை `i` என்ற எழுத்து சும்மா நின்றது, இங்கேதான் அதற்கு வேலை வருகிறது. முதல் நிரலில் `for` தொடங்கும் மூன்று வரிகளுக்குப் பதிலாக இதைப் போட்டோம்:

```python
for i in range(60):
    t.forward(i * 4)
    t.right(91)
```

லூப்புக்குள் `print(i)` சேர்த்து எண்களையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க வைத்தேன். எண்கள் 0 இல் தொடங்கி 59 இல் நின்றன. அதனால் முதல் தரம் ஆமை நகராமல் திரும்ப மட்டும் செய்தது என்று அவளே பிடித்தாள். 90 போட்டால் நேர்த்தியான சதுரச் சுருள், 91 போட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பாகை கூடிக்கூடி முழுச் சுருளும் முறுகிவிடும்.

குறையும் இருக்கிறது. எண்ணை மட்டும் மாற்றி அழகான படம் எடுத்துவிட்டு விளங்கிவிட்டதாக நினைப்பது மிகச் சுலபம். அதனால் ஓட்டுவதற்கு முன் என்ன வரும் என்று கொப்பியில் கீறச் சொல்கிறேன். அப்படித்தான் ஆறு முனைக்கு `range(6)`, `right(720/6)` என்று நம்பிக்கையோடு போட்டவளுக்கு வெறும் முக்கோணம் வந்தது. உற்றுப் பார்த்தபோது ஆமை மூன்றாவது தரமே வீட்டுக்கு வந்து, மிச்ச மூன்று தரமும் அதே கோட்டின் மேல் நடந்தது தெரிந்தது. ஆறு முனையை ஒரே இழுப்பில் இப்படிக் கீற முடியாது, இரண்டு முக்கோணம், இரண்டு லூப் வேண்டும். ஏழு முனைக்கு `720/7` வேலை செய்தது. போன சனிக்கிழமை `1080/7` போட்டாள், முனைகள் இன்னும் கூராக வந்தன, கிணற்றுப் பக்கத்தை மூன்று தரம் கடந்ததா என்று பார்க்க முற்றத்துக்கு ஓடிவிட்டாள்.