சிக்னல் முழுசா இருக்கு, கூப்பிட்டால் "தொடர்பு எல்லைக்கு வெளியே": வைஃபை காலிங்கா, வோல்டேயா, 3ஜி பூட்டா?

"போனை ஏன் அணைத்தே வைத்திருக்கிறாய்?" என்று ஒரே வாரத்தில் மூன்று பேர் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. போன் கையில்தான் இருந்தது, சிக்னல் கோடுகள் முழுசாக இருந்தன, வீடியோ தடங்கலில்லாமல் ஓடியது. கூப்பிட்டவர்களுக்கு மட்டும் ஒருவருக்கு பிஸி, இன்னொருவருக்குத் தொடர்பு எல்லைக்கு வெளியே.

முதலில் எல்லோரும் பார்ப்பதை நானும் பார்த்தேன். `*#21#`, `*#62#` அடித்து அழைப்பு வேறெங்காவது திருப்பிவிடப்படுகிறதா என்று, அப்புறம் தொந்தரவு செய்யாதே பயன்முறை, தடுத்த எண்கள். எல்லாம் சுத்தம். மிச்சமிருந்தது ஒரே கேள்வி: என் அழைப்புகள் எந்த வழியாக வந்து சேர வேண்டும்? வீட்டு வைஃபை வழியாக வரும் வைஃபை காலிங், 4ஜி டவர் வழியாகவே வரும் வோல்டே, போனை 3ஜியிலோ 2ஜியிலோ மட்டும் பூட்டி வைப்பது என்ற மூன்று வழிகளையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தேன்.

3ஜி அல்லது 2ஜியில் பூட்டி வைப்பது பழைய வைத்தியம். ஒரு வாரம் 3ஜியில் வைத்திருந்தேன், ஒரு அழைப்பும் தவறவில்லை. ஆனால் டேட்டா ஊர்ந்தது, பல நாடுகளில் 3ஜியே மூடப்பட்டுவிட்டது. 2ஜியில் இன்னொரு வம்பு: டேட்டா ஓடிக்கொண்டிருக்கும்போது உள்வரும் அழைப்பைப் போன் கவனிக்காமல் விடலாம். அதாவது எந்த நோய்க்கு மருந்து தேடினோமோ அதே நோய். 2ஜியை நான் ஓரிரு நாள்தான் வைத்திருந்தேன், அதனால் இதற்கு மேல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

வைஃபை காலிங்தான் என் போனில் முதலிலிருந்து இயங்கிக்கொண்டிருந்தது, வைஃபைக்கே முன்னுரிமை என்ற அமைப்போடு. சிக்கலும் அங்கேதான். இந்த முறையில் போன் வீட்டு ரவுட்டர் வழியாக சிம் நிறுவனத்தின் சர்வருக்கு ஒரு மறையாக்கச் சுரங்கம் போட்டுக்கொள்கிறது, அழைப்பு வந்தால் அதற்குள்ளேதான் வர வேண்டும். அந்தச் சுரங்கத்துக்கான வழியை ரவுட்டர் தன் அட்டவணையில் குறித்து வைத்திருக்கும், கொஞ்ச நேரம் எதுவும் போகாவிட்டால் அழித்துவிடும். அழியாமல் இருக்க, போன் சில பத்து நொடிகளுக்கு ஒருமுறை ஒரு சின்னப் பொட்டலம் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். திரை அணைந்து, பேட்டரி சேமிப்பில் ஆழ்ந்து தூங்கும் போன் அதை அனுப்பத் தாமதித்தால் வழி அடைபட்டுவிடும். போனோ இன்னும் பதிவாகித்தான் இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருக்கும், சர்வர் அடைபட்ட வழியில் தட்டிவிட்டுக் கைவிடும். டேட்டா மட்டும் ஏன் ஓடுகிறது? ஒவ்வொரு முறையும் போனே உள்ளிருந்து புதுசாகக் கதவைத் திறந்துகொண்டு போகிறதே, அதனால்தான்.

இதை உறுதி செய்ய இன்னொரு போனிலிருந்து என்னையே கூப்பிட்டுப் பார்த்தேன். திரை எரியும்போது உடனே மணி அடித்தது. திரையை அணைத்து நாற்பது நிமிடம் மேசையில் வைத்துவிட்டுக் கூப்பிட்டால் நீண்ட மௌனம், பிறகு "எல்லைக்கு வெளியே". நானே வெளியே ஒரு அழைப்பு போட்டதும் அடுத்த சில நிமிடங்கள் எல்லாம் சரி. வைஃபையை அணைத்துவிட்டு அதே நாற்பது நிமிடச் சோதனையை மூன்று முறை செய்தேன், மூன்றிலும் மணி அடித்தது. ஆண்ட்ராய்டில் `*#*#4636#*#*` அடித்தால் சில போன்களில் IMS Service Status என்று, வைஃபை காலிங்குக்கும் வோல்டேக்கும் போன் பதிவாகியிருக்கிறதா என்று காட்டும் ஒரு பக்கம் வரும். அதில் Registered என்றே காட்டியது என்னைக் கொஞ்ச நாள் ஏமாற்றியது. அது போனின் நம்பிக்கை மட்டும்தான், சர்வரின் நிலை அல்ல. Not Registered என்று காட்டினால் மட்டும் அதை நம்பலாம்.

வோல்டேயில் நடுவில் ரவுட்டர் கிடையாது. தூங்கும் போன் ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை விழித்து டவர் கூப்பிடுகிறதா என்று காதுகொடுக்கும், டவர் எழுப்பினால் எழுந்துகொள்ளும், போன் வைஃபையில் இருக்கிறதா என்பதும் பொருட்டில்லை. வழியைத் திறந்து வைக்கும் பராமரிப்பு நம் வீட்டுப் பெட்டியின் தலையில் இல்லை என்பதுதான் எனக்குத் தீர்ப்பைச் சொன்னது. பழுதே வராது என்றில்லை, சிம் மாற்றிய பிறகோ மென்பொருள் புதுப்பித்த பிறகோ வோல்டே சுவிட்ச் தானாக அணைந்து கிடக்கலாம். ஆனால் அது கண்ணுக்குத் தெரியும் பழுது: பேசும்போது 4ஜி அடையாளம் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கினால் வோல்டே வேலை செய்யவில்லை.

வீட்டுக்குள் டவர் சிக்னலே எட்டாதவர்களுக்கு என் பேச்சு பொருந்தாது, அவர்களுக்கு வைஃபை காலிங்தான் கதி. அவர்கள் ரவுட்டரில் அந்தச் சுரங்கம் ஓடும் யுடிபி வகை இணைப்புகளுக்கான காத்திருப்பு நேரத்தைக் கூட்டிப் பார்க்கலாம், அப்படி ஒரு அமைப்பு அதில் இருந்தால். நான் வோல்டேயை வைத்துக்கொண்டு வைஃபை காலிங்கை அணைத்து ஐந்து மாதமாகிறது, "போன் அணைஞ்சிருந்ததா" என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.