ஆக்சிமீட்டரும் தெர்மாமீட்டரும்: பல வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

வீட்டு ஆக்சிமீட்டரில் அதிகம் பயமுறுத்துவது 86 என்ற எண். சில நேரம் அது 98-ஐத் தலைகீழாகப் பார்ப்பதுதான். திரையில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் குறிக்கும் SpO2 என்ற எழுத்து நேராகத் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். பக்கத்தில் PR என்று வருவது நாடித்துடிப்பு. இரண்டையும் மாற்றிப் படிப்பவர்கள் நிறைய.

ஆக்சிமீட்டரை நம்பலாமா என்பதை அந்த PR எண்ணே சொல்லிவிடும். காய்ச்சலில் படுத்திருக்கும் அறுபது வயது ரப்பர் வெட்டும் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். மழையில் நனைந்து வந்த கை சில்லென்று இருக்கிறது, விரல் தோலும் தடித்திருக்கிறது. ஆள்காட்டி விரலில் மாட்டினால் SpO2 88, PR 140. மணிக்கட்டில் ஒரு நிமிடம் எண்ணினால் நாடி 96தான். துடிப்பையே சரியாகப் பிடிக்காத கருவி சொல்லும் 88-ஐயும் நம்ப முடியாது. விரலில் ரத்த ஓட்டம் குறைந்தால் ஒளி கடந்து வரும் துடிப்பு மங்கி, கணக்கு தப்பிவிடும். மருதாணியும் நகப்பூச்சும் ஒளியை மறைக்கும்.

மூச்சுத் திணறல் இல்லையென்றால் கையைத் துடைத்துத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார வைத்து, நடுவிரலில் மாட்டி, கையை நெஞ்சு உயரத்தில் அசையாமல் வைக்கச் சொல்லுங்கள். எண் ஒரே இடத்தில் நிற்க ஒரு நிமிடம் ஆகலாம். இப்போது 93, PR 97 என்று வந்தால் அதுதான் நம்பக்கூடிய அளவு. நல்ல எண் வரும்வரை விரல் மாற்றிக்கொண்டே இருப்பது ஆபத்தான பழக்கம்.

95-ம் அதற்கு மேலும் இயல்பு. 94-லோ அதற்குக் கீழேயோ நின்றால் அன்றே டாக்டரிடம் பேச வேண்டும், அதனால் 93 காட்டிய அந்தத் தொழிலாளி காத்திருக்கக் கூடாது. 90-க்குக் கீழே போனால் 108-ஐ அழையுங்கள். கருவி சில புள்ளிகள் முன்பின் காட்டும்; கறுத்த தோலில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டவும் செய்யும். ஆகவே மூச்சு வாங்கினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ 97 என்று காட்டினாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு டாக்டர் சொன்ன அளவே கணக்கு.

தெர்மாமீட்டரில் தவறு பெரும்பாலும் நேரத்தில் வரும். கட்டன் சாயா குடித்த கையோடு நாக்கின் அடியில் வைத்தால் இல்லாத காய்ச்சல் தெரியும். கால் மணி நேரம் பொறுங்கள். நம்மூர்ப் புழுக்கத்தில் அக்குளை வியர்வை போகத் துடைத்த பிறகே வைக்க வேண்டும். அங்கே வாயைவிட ஏறத்தாழ ஒரு டிகிரி குறைவாகக் காட்டும் என்பதால் எங்கே வைத்தீர்கள் என்றும் எழுதி வையுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல். பெரியவர்களுக்கு 103 தொட்டால் டாக்டரைப் பாருங்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 100.4 என்றாலே, வேறு தொந்தரவு இல்லாவிட்டாலும், உடனே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.