ஓப்பன் பாக்ஸ் என்று வாங்கிய லேப்டாப், பில்லில் யூஸ்டு என்று வந்த கதை

அக்கா மகள் கல்லூரியில் சேர்ந்தாள். லேப்டாப் வாங்கித் தருவது என் பொறுப்பு. புதிதாக வாங்கினால் அறுபதாயிரத்துக்கு மேல் போகிற ஒரு பிசினஸ் மாடலை, ஆன்லைனில் விற்கும் ஒரு கடையில் ஓப்பன் பாக்ஸ், ஒரு வருட வாரண்டி என்று 41,500 ரூபாய்க்குப் போட்டிருந்தார்கள். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எப்படி ஏமாந்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

ஓப்பன் பாக்ஸ் என்றால் நான் புரிந்துகொண்டது இதுதான்: யாரோ வாங்கி, பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, நிறம் பிடிக்கவில்லை என்றோ வேறு காரணத்துக்கோ திருப்பிக் கொடுத்தது. உழைக்காத பொருள். பார்சலைப் பிரித்தால் உள்ளே கம்பெனிப் பெட்டியே இல்லை, வெறும் பழுப்பு அட்டைப்பெட்டி. சார்ஜர் வேறு ஏதோ கம்பெனி. இதற்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அக்கா மகள்தான் கீபோர்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "மாமா, இந்த E மட்டும் பளபளன்னு இருக்கே" என்றாள். A, E, ஸ்பேஸ் பார் மூன்றும் விரல் தேய்ந்து மினுங்கின. மற்ற எழுத்துகள் சொரசொரப்பாகவே இருந்தன.

அப்புறம்தான் சோதித்தேன். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இதைத் தட்டினால் போதும்:

```
powercfg /batteryreport
```

battery-report.html என்று ஒரு கோப்பு உருவாகும், எந்த ஃபோல்டரில் என்று அங்கேயே காட்டும். அதில் DESIGN CAPACITY 57,000 mWh, FULL CHARGE CAPACITY 43,890 mWh என்று இருந்தது. அதாவது பேட்டரியில் மீதம் 77 சதவீதம். CYCLE COUNT, அதாவது பேட்டரி முழுதாகத் தீர்ந்து ஏறிய அளவுக்கு எத்தனை தடவை உழைத்தது என்ற கணக்கு, 386. பிரித்துப் பார்த்துத் திருப்பிய லேப்டாப்பில் சைக்கிள் ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும், மிஞ்சிப்போனால் பத்துப் பன்னிரண்டு. அடுத்து CrystalDiskInfo என்ற மென்பொருளைப் போட்டு எஸ்எஸ்டியைப் பார்த்தேன். Power On Hours 4,870. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால் அறுநூறு நாளுக்கு மேல். ஏதோ அலுவலகத்தில் இரண்டு வருடத்துக்குக் குறையாமல் உழைத்த பெட்டி. அடியில் இருந்த சீரியல் எண்ணைத் தயாரித்த கம்பெனியின் வாரண்டிப் பக்கத்தில் போட்டதும் சந்தேகமே தீர்ந்துவிட்டது. வாரண்டி தொடங்கி இரண்டு வருடம் எட்டு மாதம் ஆகியிருந்தது.

இந்த எண்களில் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். சில பேட்டரிகள் சைக்கிள் எண்ணிக்கையைச் சொல்லவே சொல்லாது, அந்த இடத்தில் வெறும் கோடு இருக்கும். பழைய லேப்டாப்பில் புது எஸ்எஸ்டி போட்டு விற்றால் மணிக்கணக்கு பூஜ்ஜியத்தில் இருந்து ஓடும். நான் பார்த்த மூன்றில் விற்பவர் கையில் இல்லாதது கம்பெனி பதிவில் உள்ள வாரண்டித் தேதி மட்டும்தான்.

கடைக்கு போன் செய்தேன். எடுத்த பையன் கொஞ்சமும் தயங்கவில்லை. "பாக்ஸ் ஓப்பன் ஆகித்தானே சார் இருக்கு, அதான் ஓப்பன் பாக்ஸ்." சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதன் பிறகே பார்சலோடு வந்த பில்லை ஒழுங்காகப் படித்தேன். அதில் பொருள் விவரத்தில் "லேப்டாப் - யூஸ்டு". வரித்துறைக்கு ஒரு பெயர், எனக்கு ஒரு பெயர்.

அன்று இரவு உட்கார்ந்து அந்தக் கடை போட்டிருந்த அத்தனை விளம்பரங்களையும் ஒரு நோட்டில் எழுதினேன். வாங்குவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. நான் வாங்கிய அதே மாடல், மூடியின் இடது மூலையில் அதே கீறலோடு, அதே போட்டோவோடு, அவர்கள் வெப்சைட்டில் ஓப்பன் பாக்ஸ் 41,500. வாட்ஸ்அப் கேட்டலாக்கில் ரீஃபர்பிஷ்ட் 36,000. பழைய பொருள் விற்கும் ஒரு தளத்தில் யூஸ்டு 32,500. எந்த இடத்தில் வாங்க வருகிறவர் எந்தச் சொல்லுக்கு அதிகப் பணம் தருவாரோ, அந்தச் சொல் அங்கே ஒட்டப்பட்டிருக்கிறது.

இதற்கு நேர்மாறான குழப்பமும் இருந்தது. ரீஃபர்பிஷ்ட் என்று எழுதியிருந்த இரண்டு லேப்டாப்பில் ஒன்றுக்கு ஆறு மாத வாரண்டி, இன்னொன்றுக்குப் பதினைந்து நாள். எதை மாற்றினார்கள், எதைச் சரிசெய்தார்கள் என்று இரண்டிலும் ஒரு வரி இல்லை. துடைத்து, விண்டோஸை மறுபடி ஏற்றிக் கொடுப்பதற்கும் ரீஃபர்பிஷ்ட் என்றே பெயர் வைத்திருந்தார்கள் போல. ஸ்கிரீனில் வெள்ளைப் புள்ளி விழுந்த ஒரு புது லேப்டாப் வெப்சைட்டில் "புதியது, சிறு குறையுடன்" என்று நேர்மையாக இருந்தது. அதுவே கேட்டலாக்கில் "ஓப்பன் பாக்ஸ், லைக் நியூ" ஆகிவிட்டது. புள்ளியைப் பற்றிப் பேச்சே இல்லை. துணிக்கடையில் செகண்ட்ஸ் என்று தனியாகக் குவித்து வைத்தால் தையலில் குறை இருக்கும் என்று தெரிந்தே எடுப்போம். அந்தக் குவியலில் இருந்து ஒன்றை உருவி ஷோகேஸில் மாட்டினால் எப்படி, அப்படித்தான் இது.

இந்த நான்கு சொல்லும் பொருள் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதைச் சொல்பவை அல்ல, அதற்கு என்ன நடந்தது என்பதைச் சொல்பவை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பிரித்தது மட்டும் என்றால் ஓப்பன் பாக்ஸ். ஒருவர் வைத்து உழைத்திருந்தால் யூஸ்டு. எவ்வளவு துடைத்தாலும் அது திரும்ப ஓப்பன் பாக்ஸ் ஆகாது. உழைத்ததையோ பழுதானதையோ சோதித்து, வேண்டியதை மாற்றி, என்ன மாற்றினோம் என்று சொல்ல முடிந்தால் ரீஃபர்பிஷ்ட். யாரும் உழைக்கவில்லை, ஆனால் தயாரிப்பிலோ வண்டியில் வரும்போதோ அடிபட்டது என்றால் குறையுள்ள புதுசு, அந்தக் குறை எது என்பதும் கூடவே வர வேண்டும். ஒரு சீரியல் எண்ணுக்கு ஒரு சொல்தான் இருக்க முடியும். ஒழுங்கான கடை அதை எல்லா இடத்திலும் அப்படியே வைத்திருக்கும், வாரண்டியும் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வரும்.

பணம் எப்படித் திரும்பியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் "நோ ரிட்டர்ன்" என்றார்கள். 2020ஆம் ஆண்டு இ-காமர்ஸ் நுகர்வோர் விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றால் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்து, பில், பேட்டரி ரிப்போர்ட், மூன்று விளம்பரங்களின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் கொடுத்தேன். ஸ்கிரீன்ஷாட்டை அன்றே எடுத்தது நல்லதாகப் போயிற்று, மறுநாள் காலையில் வெப்சைட்டில் "ஓப்பன் பாக்ஸ் / ரீஃபர்பிஷ்ட்" என்று மாற்றிவிட்டார்கள். பத்தொன்பது நாள் கழித்து, கூரியருக்கு 1,200 பிடித்துக்கொண்டு மீதி வந்தது. அந்த 1,200-க்காக இன்னொரு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை.

இப்போது அவளிடம் இருப்பது 33,000-க்கு வாங்கிய வேறொரு கடையின் லேப்டாப். யூஸ்டு என்றே போட்டிருந்தார்கள். பணம் கட்டும் முன்பே சீரியல் எண் கேட்டேன், பேட்டரி ரிப்போர்ட்டோடு சேர்த்து அனுப்பினார்கள். "வலது ஹிஞ்ச் பக்கம் பெயின்ட் போயிருக்கும்" என்று விளம்பரத்தில் ஒரு வரி இருந்தது. வந்ததும் முதல் வேலையாக அந்த ஹிஞ்சைத்தான் பார்த்தோம். போயிருந்தது.