பின்ட்ரெஸ்ட் பின் விவரம்: கீவேர்டு அடுக்கா, வாக்கியமா?

ஒரே போட்டோவுக்கு ரெண்டு விவரம் பாருங்க.

ஒண்ணு: "பால்கனி தோட்டம், சின்ன பால்கனி ஐடியா, தொங்கும் தொட்டி, பால்கனி செடி, பால்கனி அலங்காரம்."

இன்னொண்ணு: "சின்ன பால்கனி தோட்டம், தரையில இடமே அடைக்காம கம்பியில தொங்கும் தொட்டி மாட்டினது. வெயில் கம்மியா இருந்தாலும் வளர்ற மணி பிளான்ட் வச்சிருக்கு."

என் ஓட்டு ரெண்டாவதுக்குத்தான், ஏன்னா தேடுற முக்கிய வார்த்தை அதுலயும் இருக்கு, கூடவே "வெயில் கம்மி", "மணி பிளான்ட்"னு தேடி வர்றவங்களுக்கும் சிக்கும், முதல்ல சொன்னதுல பால்கனிதான் நாலு தடவை வருது, புதுசா ஒரு தகவலும் இல்ல.

சர்ச் பாக்ஸ்ல டைப் பண்ணா வர்ற சஜஷன்ல ரெண்டு மூணு எடுத்து, முக்கியமானதை முதல்ல வைங்க, ஏன்னா விவரத்தோட மீதி திரையில தெரியாம மடங்கிப் போயிடலாம். படத்துல இல்லாத வார்த்தை மட்டும் வேண்டாம், க்ளிக் பண்ணவங்க உடனே திரும்பிப் போயிடுவாங்க.