கணுக்காலைத் தொடாமலே மாவுக்கட்டு போட்டார்கள்: கால் மடங்கினால் இதைக் கவனியுங்கள்

மூன்று மாதத்துக்கு முன்னால் மாடிப்படி இறங்கும்போது, படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் கால் வைத்தேன். இன்னும் ஒரு படி இருந்தது. வலது பாதம் உள்பக்கமாக மடங்க, உடம்பின் பாரம் முழுக்க அதன் மேல் இறங்கியது. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து, நொண்டி நொண்டி அறைக்குள் போனேன். ஏழெட்டு அடி இருக்கும். இந்த ஏழெட்டு அடியை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

ஒரு மணி நேரத்தில் வெளிப்பக்கக் கணு முட்டை மாதிரி வீங்கிவிட்டது. அண்ணன் என்னை ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். வாசலிலேயே சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். மருத்துவர் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, "எப்படி விழுந்தீங்க?" என்று கேட்டார். பதில் முடிவதற்குள் கணுக்கால் எக்ஸ்ரேவுக்குச் சீட்டு எழுதியாகிவிட்டது. நடந்து பார்த்தீர்களா, எங்கே வலிக்கிறது, எதுவும் கேட்கவில்லை. காலில் கை வைக்கவே இல்லை.

படம் வந்ததும் விளக்குப் பலகையில் மாட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எலும்பு உடையல. ஆனா ஜவ்வு கிழிஞ்சிருக்கு, கிரேடு மூணு. ஆறு வாரம் மாவுக்கட்டு. சேரலைன்னா ஆபரேஷன்." அரைக்கட்டு போட்டு, காலை ஊன்றவே கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். வீக்கம் வடிந்ததும் முழுக்கட்டு என்றார்கள்.

அன்றைக்கு எனக்கு இதில் எதுவும் தப்பாகத் தெரியவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள், பெரிய வார்த்தை சொன்னார்கள், கட்டுப் போட்டார்கள், நல்ல வைத்தியம் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். ஐந்தாம் நாள்தான் சந்தேகம் தட்டியது. கணுப் பக்கம் வலி நன்றாகக் குறைந்திருந்தது. ஆனால் பாதத்தின் வெளி விளிம்பில், கட்டுக்குள்ளே, ஒரே ஒரு இடம் மட்டும் விண் விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. ஜவ்வு கிழிந்தது மேலே, வலி ஏன் கீழே? வேறொரு எலும்பு மருத்துவரிடம் போனேன். வயதான அம்மா. முதலில் கட்டைப் பிரித்தார். அப்புறம் என் இடது காலை, அதாவது நல்ல காலைத்தான், தொட்டுப் பார்த்தார்.

"அன்னைக்கு விழுந்ததும் நடந்தீங்களா?"

"நொண்டிக்கிட்டு ஏழெட்டு அடி நடந்தேன்மா."

"நொண்டினாலும் நடைதான். நாலு அடி போதும்."

ஒவ்வொரு காலின் மேலும் இரண்டு தடவை பாரம் மாறினால் அதுதான் நாலு அடி. விழுந்த உடனேயும் முடியவில்லை, மருத்துவர் முன்னாலும் முடியவில்லை என்றால்தான் அது எக்ஸ்ரே எடுக்க ஒரு காரணம். இது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 1992-இல் கனடாவின் ஒட்டாவா நகரத்தில் இயன் ஸ்டீல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் வெளியிட்ட விதிகள் இவை. 'ஒட்டாவா கணுக்கால் விதிகள்' என்று மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கே தெரியும். கால் மடங்கி வருகிற எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலான படங்களில் முறிவே இருக்காது. யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்பதை விரலாலேயே பிரிக்க முடியுமா என்று பார்த்து எழுதியது.

அந்த அம்மா விரலால் என்ன செய்தார் என்பதைச் சொல்கிறேன். கணுக்காலின் இரண்டு பக்கமும் குமிழ் மாதிரித் துருத்திக்கொண்டிருக்கிறதே, அந்த எலும்பின் பின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினார். குமிழின் நுனியில் ஆரம்பித்து மேலே 6 சென்டிமீட்டர் வரை, நான்கு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் வெளிப்பக்கம், அப்புறம் உள்பக்கம். எனக்கு எங்கேயும் வலிக்கவில்லை. குமிழுக்கு முன்னால் அழுத்தியதும் மட்டும் "ஆ" என்றேன்.

"அங்கே வலிக்கும். அங்கேதான் ஜவ்வு இருக்கு."

ஏன் பின் விளிம்பு என்று கேட்டேன். சுளுக்கில் முதலில் அடி வாங்குகிற ஜவ்வு குமிழின் முன்பக்கத்திலிருந்து கிளம்பி உள்ளே இருக்கிற எலும்புக்குப் போகிறது. முன்னால் அழுத்தினால் வெறும் சுளுக்குக்கே உயிர் போகும், அதை வைத்து எலும்பைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. பின் விளிம்பில் அந்தத் தொல்லை கிடையாது. அங்கே அழுத்தி வலித்தால் எலும்பைச் சந்தேகப்படலாம்.

ஆக, என் கணுக்காலுக்கு எக்ஸ்ரேயே தேவைப்பட்டிருக்காது. இதோடு முடிந்திருந்தால் ஒரு படத்துக்கான காசு போயிற்று என்று விட்டிருப்பேன். ஆனால் அந்த அம்மாவின் விரல் கணுவோடு நிற்காமல் பாதத்துக்கு இறங்கியது.

உங்கள் பாதத்தில் சுண்டுவிரலின் அடியிலிருந்து வெளி விளிம்பு வழியாகக் குதிகாலை நோக்கி விரலை இழுத்துப் பாருங்கள். ஏறக்குறைய பாதி வழியில் ஒரு எலும்பு முனை தட்டுப்படும். அதன் மேல் விரல் பட்டதும் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அதே விதிகளில் பாதத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நடுப்பாதத்தில் வலி இருந்து, இந்த முனையிலோ, உள்பக்கம் பாத வளைவின் உச்சியில் இருக்கிற படகு எலும்பிலோ அழுத்தினால் வலித்தால், அல்லது அந்த நாலு அடி வைக்க முடியாவிட்டால், பாத எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கணுக்கால் எக்ஸ்ரே இல்லை, பாத எக்ஸ்ரே. இரண்டும் வேறு வேறு படங்கள்.

எடுத்தார்கள். அந்த முனையில் மயிரிழை மாதிரி குறுக்கே ஒரு கோடு. பாதம் உள்ளே மடங்கும்போது அந்த முனையில் ஒட்டியிருக்கிற நார்கள் வெடுக்கென்று இழுத்து எலும்பின் துணுக்கைப் பெயர்த்துவிடுமாம். கணு சுளுக்குவதும் இது உடைவதும் ஒரே மாதிரி விழுகையில்தான் நடக்கிறது. வீக்கமெல்லாம் கணுப் பக்கம் தெரிவதால் கண் மேலேயே நின்றுவிடும், கீழே உடைந்தது தப்பிப்போகும். பழைய படத்தை அம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கணுக்காலின் பக்கவாட்டுப் படத்தில் ஒழுங்காக எடுத்தால் இந்த முனையும் உள்ளே வரும். என் படத்தில் சரியாக அதற்கு முன்னாலேயே விளிம்பு வெட்டியிருந்தது.

சரி, அந்த 'கிரேடு மூணு' என்ன ஆனது? எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், ஜவ்வு தெரியாது. ஜவ்வு நைந்து உள்ளே நுண்ணிய கிழிசல் மட்டும் என்றால் கிரேடு ஒன்று, மூட்டு உறுதியாக இருக்கும். பாதி கிழிந்தால் இரண்டு, கொஞ்சம் தளர்வு. முழுக்க அறுந்தால் மூன்று, மூட்டு ஆடும். அந்த ஆட்டத்தைக் கையால்தான் பார்க்க வேண்டும். வீக்கத்தின் அளவை வைத்துச் சொல்ல முடியாது, கிரேடு ஒன்றே சிலருக்குப் பலூன் மாதிரி வீங்கும்.

அம்மா என் முழங்காலை மடக்கிக் காலைத் தொங்கவிட்டு, ஒரு கையால் கணுவுக்கு மேலே கால் எலும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் குதிகாலை ஏந்தி முன்னால் இழுத்தார். முதலில் இடது கால், அப்புறம் வலது. இரண்டும் ஒரே தூரம் வந்து ஒரே மாதிரி 'டக்'கென்று நின்றன. முழுக்க அறுந்திருந்தால் வலதுகால் இன்னும் முன்னால் நழுவியிருக்கும், நிற்கிற இடம் கொழகொழவென்று இருந்திருக்கும் என்றார். எனக்குக் கிரேடு ஒன்று. விழுந்த அன்றைக்கே இந்தச் சோதனையைச் செய்தால் வலியில் சதை இறுகிக்கொண்டு காலை இழுக்கவே விடாதாம். நாலைந்து நாள் கழித்துப் பார்த்தால்தான் நம்பலாம். அதனால் முதல் நாளிலேயே 'மூணு' என்று ஒருவர் அடித்துச் சொன்னால், எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டுவிடுங்கள். இன்னொன்று, உண்மையிலேயே மூன்றாக இருந்தாலும் ஆறு வாரக் கட்டு வழக்கமில்லை. வலி அடங்கப் பத்து நாள் வரை அசையாமல் வைத்துவிட்டு, கணுவைப் பிடித்துக்கொள்ளும் பட்டை போட்டு நடக்கவும் பயிற்சி செய்யவும் சொல்வார்கள். பெரும்பாலானோருக்கு ஆபரேஷன் வரை போகாது.

எனக்கு மாவுக்கட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அடி கெட்டியான செருப்பு கொடுத்தார், வலி பொறுக்கிற அளவுக்கு ஊன்றி நடக்கச் சொன்னார். முனையிலேயே உடைந்ததால் இந்தச் சலுகை. அதே எலும்பில் ஒன்றரை சென்டிமீட்டர் போல விரல் பக்கம் தள்ளி உடைந்திருந்தால் அங்கே ரத்த ஓட்டம் குறைவு, சேர நாளாகும், வாரக்கணக்கில் ஊன்றக் கூடாது என்று சொல்லியிருப்பாராம். எங்கே உடைந்தது என்று தெரியாமல் இரண்டில் எதையும் சொல்ல முடியாது.

இதைப் படித்துவிட்டு நீங்களே விரலால் அழுத்தி முடிவு கட்ட வேண்டாம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், குடித்திருப்பவர்கள், தலையிலோ வேறு இடத்திலோ பெரிய அடிபட்டவர்கள், வலி எங்கே என்று சொல்லத் தெரியாத சின்னப் பிள்ளைகள், இவர்களிடம் 'வலிக்கவில்லை' என்ற பதிலுக்கு மதிப்பில்லை. விழுந்து பத்து நாளுக்கு மேல் ஆனவர்களை வைத்தும் இந்த விதிகள் எழுதப்படவில்லை. விதி 'எக்ஸ்ரே வேண்டாம்' என்றாலும், ஒரு வாரம் ஆகியும் ஊன்ற முடியவில்லை என்றால் திரும்பப் போக வேண்டும்.

ஆறாவது வாரம் நன்றாக நடக்க ஆரம்பித்ததும் இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு பழைய மருத்துவரிடம் போனேன். சண்டைக்கு இல்லை, காட்டத்தான். புதுப் படத்தைப் பார்த்தார், பழையதைப் பார்த்தார். "நாங்க எடுத்த படத்துல அந்த இடமே வரலையே, எப்படிங்க தெரியும்?" என்றார். அப்போதும் காலைத் தொடவில்லை.