டிஸ்சார்ஜ் ஷீட்டில் இல்லாத பத்தாம் நாள்

மதுரையில் பஸ் ஸ்டாண்ட் சுவர்களில் "மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல்" போஸ்டர் இன்னும் அப்படியேதான் ஒட்டியிருக்கிறது. பக்கத்திலேயே இப்போது "லேசர், ஒரே நாளில் வீடு" என்று பளபளக்கும் போர்டுகளும் வந்துவிட்டன. துபாயிலிருந்து ஒரு மாத லீவில் வந்திருந்த மாமா மகனுக்கு (வயது 47) மூல ஆபரேஷன் நடந்தது அப்படியொரு போர்டு வைத்த இடத்தில்தான்.

டாக்டரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மலம் போகும்போது மூலம் வெளியே வந்து தானாக உள்ளே போனால் இரண்டாம் நிலை. விரலால் தள்ளினால்தான் போகும் என்றால் மூன்றாம் நிலை. தள்ளியும் போகாவிட்டால் நான்காம் நிலை. முதல் இரண்டு நிலைகளுக்கு நார்ச்சத்து, தண்ணீர், முக்காமல் இருப்பது, அதற்கும் கேட்காவிட்டால் ரப்பர் பேண்ட் போட்டுச் சுருங்க வைப்பது என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். மாமா மகனுக்கு மூன்றாம் நிலை. ஏற்கெனவே இரண்டு முறை பேண்ட் போட்டும் ரத்தம் நிற்கவில்லை, ஹீமோகுளோபின் 9.8-க்கு இறங்கியிருந்தது. ரத்தம் மூலத்திலிருந்துதானா, குடலில் வேறு ஏதாவதா என்று பார்க்க முதலில் கொலனோஸ்கோபி செய்தார்கள். அந்த வயதில் அதைத் தவிர்க்கவே கூடாது. லண்டனில் இதற்கெல்லாம் குடும்ப டாக்டர் கடிதம், பிறகு மாதக்கணக்கில் காத்திருப்பு. இங்கே ஒரே வாரத்தில் முடிந்தது.

பில்லிங் கவுன்டரில் லேசர் பேக்கேஜை நீட்டினார்கள். டாக்டரோ, வெளிமூலமும் பெரிதாகச் சேர்ந்திருக்கிறது, வெட்டி எடுப்பதுதான் நல்லது என்றார். லேசரில் வலி குறைவு. ஆனால் பெரிய மூலம் திரும்ப வரும் வாய்ப்பு அதில் அதிகம்.

எரிச்சல் மறுநாள் காலை டிஸ்சார்ஜில் ஆரம்பித்தது. கையில் ஒரு கவர், அதில் ஐந்து மாத்திரைகளின் பெயர், "ஒரு வாரம் கழித்து வரவும்". அவ்வளவுதான்! ஐந்தில் ஒன்று டிரமடால். வலியை அடக்கும், ஆனால் மலத்தையும் கட்டிவிடும். மலமிளக்கி எதுவுமே எழுதவில்லை. வீட்டுக்கு வந்தால் அத்தை, "மோஷன் போனா வலிக்குமே" என்று ரெண்டு இட்லியோடு நிறுத்தப் பார்த்தார். இதைவிடக் கெடுதல் வேறில்லை. குறைவாகச் சாப்பிட்டால் மலம் குடலிலேயே தங்கிக் காய்ந்துபோகும்; நாலாம் நாள் கல்லாக வந்து புண்ணைக் கிழிக்கும். டாக்டருக்கு போன் போட்டுக் கேட்ட பிறகுதான் இரவில் லாக்டுலோஸ் 15 மி.லி., ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரில் இசப்கோல், டிரமடாலுக்குப் பதில் பாரசிட்டமால் என்று மாறியது. முதல் மலம் மூன்றாம் நாள் வந்தது. வலித்தது, கொஞ்சம் ரத்தமும் ஒட்டியிருந்தது. அது எதிர்பார்த்ததுதான்.

பிறகு டப் குளியல். வெஸ்டர்ன் கம்மோடின் மேல் உட்காரும் பிளாஸ்டிக் டப் மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கிறது. முழங்கையை விட்டுப் பார்த்துச் சுடாத அளவு வெதுவெதுப்பான தண்ணீர், பத்து நிமிஷம், நாளுக்கு மூன்று முறை. ஒவ்வொரு மோஷனுக்குப் பிறகும் ஒரு முறை. இறுக்கிப் பிடித்த தசை தளர்வதால்தான் வலி குறைகிறது, தண்ணீரில் மருந்து எதுவும் தேவையில்லை. டெட்டால் ஊற்றப் போனவர்களைத் தடுக்க வேண்டியிருந்தது, அது புண்ணை எரித்துவிடும். இந்த விஷயத்தில் நம் ஊர் கக்கூஸுக்கு லண்டன் உறை போடக் காணாது: பேப்பரால் துடைத்தால் புண் உரசும், தண்ணீர் ஊற்றிக் கழுவி மெல்ல ஒற்றி எடுத்தால் போதும்.

வலி முதல் வாரம் உச்சத்தில் இருக்கும். இரண்டாம் வாரக் கடைசியில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். புண் முழுதாக ஆற நாலு முதல் ஆறு வாரம். அதுவரை கொஞ்சம் நீர் கசியும், உள்ளாடையில் ஒரு துணி வைத்துக்கொண்டால் போதும்.

ஆனால் யாரும் சொல்லாத விஷயம் இன்னொன்று. துபாய் டிக்கெட் ஒன்பதாம் நாளுக்குப் போட்டிருந்தது. ஆபரேஷனான அன்று ரத்தம் வந்தால் ஆஸ்பத்திரியிலேயே தெரிந்துவிடும். தாமதமாக வரும் ரத்தக்கசிவு, அடிக்கடி வராவிட்டாலும், வந்தால் ஐந்தாம் நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். தையலிட்டுக் கட்டிய இடத்தில் திசு உதிரும் நேரம் அது. சொட்டுச் சொட்டாக வந்தால் பயப்பட வேண்டாம். கட்டி கட்டியாக வந்தாலோ, கம்மோடு நிறையச் சிவந்தாலோ, தலைசுற்றினாலோ உடனே கேஷுவாலிட்டிக்குப் போக வேண்டும். நடுவானில் போக எந்த கேஷுவாலிட்டியும் இல்லை. காய்ச்சலோடு வலி ஏறி, சிறுநீரும் போக மறுத்தால் அதுவும் இரவென்று பார்க்காமல் ஓட வேண்டிய விஷயம்.

டிக்கெட்டை மூன்று வாரம் தள்ளிப் போட்டதில் ஏர்லைன்ஸ்காரன் நல்ல தொகை பிடுங்கிக்கொண்டான். லீவு போடும்போதே முதல் வாரத்தில் ஆபரேஷனை வைத்திருந்தால் அந்தப் பணம் மிச்சம். கிளம்பும் முன் மலம் போகும் வழி சுருங்கியிருக்கிறதா என்று டாக்டர் ஒரு முறை விரலால் பார்த்துவிடவும் நேரம் கிடைத்திருக்கும்.