ஜெனரேட்டர் வாங்குபவர்களே, கடையில் கூட்டிக் காட்டுகிற வாட் கணக்கை நம்பாதீர்கள்

115,000 ரூபா. முந்தாநாள் திருகோணமலை டவுனில் ஒரு மின்சாதனக் கடையில் எண்ணிக் கொடுத்தேன். நேற்றிரவு உப்புவெளியில் கரண்ட் போனதும் ஜெனரேட்டரை இழுத்து ஸ்டார்ட் செய்து, கிணற்று மோட்டரைப் போட்டேன். மோட்டர் சுற்றவில்லை, உறுமிக்கொண்டே நின்றது. ஃபேன்கள் தளர்ந்தன, எஞ்சின் திணறியது, பிரேக்கர் விழுந்தது. மூன்று தரமும் அதேதான். மூன்றாம் தரம் மோட்டர் பக்கம் கருகல் வாடை வந்ததும் பயந்து நிறுத்திவிட்டேன்.

கடைப் பையன் மரியாதையாகத்தான் பேசினான். வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டு பில்லின் பின்பக்கத்தில் எழுதினான். ஒரு குதிரைவலு மோட்டர் 1,100 வாட், ஃப்ரிட்ஜ் 200, நான்கு ஃபேன் 300, மொத்தம் 1,600. "இது 2,000 வாட் அக்கா, 400 மிச்சம் இருக்கு. எங்கட வீட்டிலயும் இதுதான்." எழுதிக் கூட்டிக் காட்டுகிறவன் பொய் சொல்வானா என்று நம்பினேன்.

அந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது தேவைப்படும் வாட் மட்டும். இன்று காலை எங்கள் தெரு எலெக்ட்ரீஷியன் அண்ணன் அதே தாளில் மீதியை எழுதினார். நின்ற மோட்டர் கிளம்பும் அந்த ஓரிரு நொடிக்கு இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். என் மோட்டருக்கு 3,000 வாட் என்று வைத்தார். அதில் 1,100 ஏற்கனவே கூட்டியாயிற்று, மிச்சம் 1,900. 1,600உடன் 1,900 சேர்த்தால் 3,500. ஃப்ரிட்ஜும் கிளம்பும்போது 800 வரை கேட்கும், ஆனால் இரண்டும் ஒரே நொடியில் கிளம்பாவிட்டால் பெரியதன் மிச்சத்தை மட்டும் கூட்டினால் போதும் என்றார். என் மெஷின் உச்சமே 2,200 வாட். மோட்டரைத் தனியாகப் போட்டாலும் கிளம்பாது!

கடைக்கு ஃபோன் எடுத்தேன். "புது எஞ்சின், ஒரு கிழமை ஓடட்டும்" என்றான். அப்புறம் "உங்கட மோட்டர் பழசு" என்றான். நேரில் போனால், பெட்ரோல் ஊற்றிய மெஷினைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம், முதலாளி கொழும்பிலாம். அந்தத் தாளை நீட்டினேன், கையில் வாங்கக்கூட இல்லை. 115,000 ரூபா கொடுத்து, ஃப்ரிட்ஜும் ஃபேனும் மட்டும் ஓடுகிற மெஷின். குளிக்கக் கிணற்றில் வாளி போடுகிறோம்.

வாங்கப் போகிறவர்களுக்கு அவசரமாகச் சொல்கிறேன். மோட்டரின் தகட்டைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது அநேகமாக உச்ச அளவு, தொடர்ந்து தரும் அளவு சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் பாருங்கள். கேவிஏ என்று போட்டிருந்தால் கிலோவாட் அதைவிடக் குறைவாக இருக்கலாம், 0.8ஆல் பெருக்கிப் பாருங்கள். ஸ்டார்ட் செய்ததும் மோட்டரை முதலில் போடுங்கள், அது ஓடிய பிறகு ஃப்ரிட்ஜ். மோட்டர் உறுமினால் உடனே நிறுத்துங்கள், வைண்டிங் போய்விடும். "மோட்டரைக் கிளப்பாவிட்டால் திருப்பி எடுப்போம்" என்று பில்லில் எழுதி வாங்காமல் காசைக் கொடுக்காதீர்கள். நான் நாளைக் காலையும் அந்தக் கடைக்குப் போகிறேன்.